ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையா, நாளுக்கு ஒரு முறையா?

‘லைவா இருக்கணும்.’ புதிதாக ஒரு டேஷ்போர்டு வேண்டும் என்று வருபவரிடம், அதிலுள்ள எண்கள் எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை மாற வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இது. விற்பனை, கையிருப்பு, டெலிவரி, வசூல் என்று ஒரு நிறுவனத்தின் நிலவரத்தை எண்களாகவும் வரைபடங்களாகவும் ஒரே திரையில் காட்டுவதுதான் டேஷ்போர்டு. இந்த நொடி வரையிலான கணக்கு கண்முன்னே இருந்தால் நல்லதுதானே என்று பார்ப்பவருக்குத் தோன்றுவது இயல்பு. அந்த நொடிக்கு என்ன விலை என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்வதில்லை. பில் வேறொரு துறைக்குப் போகிறது. அதுவும் மாதம் முடிந்த பிறகு.

பார்ப்பவரின் தேவையையும் அதற்கு ஆகும் செலவையும் சேர்த்து வைத்துப் பேசி, டேஷ்போர்டு வாரியாக ஒரு முடிவை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பார்க்க, ஒரு மளிகை டெலிவரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் கற்பனைதான், ஆனால் கீழே வரும் கட்டண விதிகள் உண்மையானவை.

முதலில், திரையில் தெரியும் எண்ணுக்கு எத்தனை வயது என்று கணக்கிடத் தெரிய வேண்டும். ஒரு வாடிக்கையாளர் ஆர்டர் போட்டதும் அது கடையின் பில்லிங் தரவுத்தளத்தில் பதிவாகிறது. அங்கிருந்து ஒரு நிரல் அதை எடுத்துவந்து, பகுப்பாய்வுக்கென்று தனியாக வைத்திருக்கும் டேட்டா வேர்ஹவுஸில் போடுகிறது. அங்கே இன்னொரு நிரல் ரத்தான ஆர்டர்களைக் கழித்து, கிளை வாரியாகக் கூட்டி, அறிக்கைக்கு ஏற்ற அட்டவணையாக மாற்றுகிறது. அந்த அட்டவணையின் நகலை டேஷ்போர்டு மென்பொருள் எடுத்து வைத்துக்கொண்டு திரையில் காட்டுகிறது. ஆக மூன்று கட்டங்கள். மூன்றும் மணிக்கு ஒரு முறை ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எண்ணின் வயது அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் கதை வேறு. முதல் நிரல் 10:00 மணிக்குத் தொடங்கி 10:10க்கு முடிக்கிறது. இரண்டாவது நிரலுக்குக் குறித்த நேரம் 10:05. அது தொடங்கும்போது புதிய சரக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. பழையதை வைத்தே வேலையை முடித்துவிடுகிறது. 10:00 மணி வரையிலான ஆர்டர்கள் அடுத்த சுற்றில், 11:05க்குத்தான் கணக்கில் ஏறி 11:09க்குத் தயாராகின்றன. டேஷ்போர்டு தன் நகலை எடுப்பது 11:30க்கு. திரைக்கு வரும்போது மணி 11:33. அடுத்த நகல் 12:33க்குத்தான் வரும். ஆகவே 12:32க்குத் திரையைப் பார்ப்பவர், 10:00 மணி நிலவரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாமே ‘மணிக்கு ஒரு முறை’. எண்ணின் வயதோ இரண்டரை மணி நேரம்.

இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. இரண்டாவது நிரலை 10:12க்கும், நகல் எடுப்பதை 10:18க்கும் நகர்த்தினால் போதும். 10:00 மணி வரையிலான ஆர்டர்கள் 10:21க்குத் திரைக்கு வந்துவிடும். அடுத்த நகல் வரும் 11:21 வரை அதுவே இருக்கும். அதிகபட்ச வயது ஒரு மணி 21 நிமிடம். ஓட்டங்களின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது, வேகமான இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம். இன்னும் நல்லது, நேரத்தைக் குறிக்காமல், முந்தைய நிரல் முடிந்ததும் அடுத்தது தானாகக் கிளம்பும்படி கோத்துவிடுவது. முதல் நிரல் ஒரு நாள் 20 நிமிடம் எடுத்துக்கொண்டாலும் சங்கிலி அறுந்துபோகாது. ‘டேஷ்போர்டு பழசா இருக்கு’ என்று புகார் வந்தவுடன் ஓட்டங்களைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். அடிக்கடி ஓட்டுவது அதற்குப் பிறகு.

அடிக்கடி ஓட்டினால் என்ன ஆகும்? இதற்கு ஸ்னோஃப்ளேக் என்ற டேட்டா வேர்ஹவுஸ் சேவையின் கட்டண முறை நல்ல உதாரணம். அங்கே கணினித் திறனை வாடகைக்கு எடுக்கிறோம். கட்டணம் ‘கிரெடிட்’ என்ற அலகில். மிகச் சிறிய அளவான எக்ஸ்-ஸ்மால் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிரெடிட், ஸ்மாலுக்கு 2, மீடியத்துக்கு 4 என்று அளவு கூடக்கூட இரட்டிப்பாகும். வினாடிக் கணக்கில்தான் கட்டணம் என்றாலும், ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் குறைந்தது 60 வினாடிக்குப் பிடித்துவிடுவார்கள். வேலை முடிந்தபின் குறிப்பிட்ட நேரம் சும்மா இருந்தால் தானாகத் தூங்கிவிடும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்துக்கும் கட்டணம் உண்டு. ஆட்டோவை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே போனால் வெயிட்டிங் சார்ஜ் ஏறுவது போல. கிரெடிட்டின் விலை இடத்தையும் சேவையின் பதிப்பையும் பொறுத்து மாறும். இங்கே கணக்குக்காக, அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் பதிப்புக்கு உள்ள பட்டியல் விலையான 2 டாலரை எடுத்துக்கொள்வோம்.

நம் மளிகை நிறுவனத்தின் விற்பனை அட்டவணையை முழுதாகப் புதிதாக்க மீடியம் அளவில் 4 நிமிடம் ஆகிறது. அதன்பின் ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டுத் தூங்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆக ஓர் ஓட்டத்துக்கு 5 நிமிடக் கட்டணம். நாளுக்கு ஒரு முறை ஓட்டினால், 30 நாள் மாதத்துக்கு 10 கிரெடிட், 20 டாலர். மணிக்கு ஒரு முறை என்றால் 240 கிரெடிட், 480 டாலர். 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் 960 கிரெடிட், 1,920 டாலர். 5 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் நான்கு நிமிடம் வேலை, ஒரு நிமிடம் காத்திருப்பு, அதற்குள் அடுத்த ஓட்டம் வந்துவிடும். இயந்திரம் தூங்குவதே இல்லை. மாதம் 2,880 கிரெடிட், 5,760 டாலர். ஒரே அட்டவணை, அதே எண்கள். 20 டாலரும் 5,760 டாலரும்.

சும்மா இருக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஸ்னோஃப்ளேக்கில் ஒரு வேர்ஹவுஸை நிரல் வழியாக உருவாக்கும்போது தூங்கும் நேரத்தைக் குறிப்பிடாவிட்டால், அது தானாக 600 வினாடி, அதாவது 10 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். மணிக்கு ஒரு முறை ஓடும் அதே வேலை இப்போது 4 நிமிடம் உழைத்து 10 நிமிடம் விழித்துக் கிடக்கும். மாதத்துக்கு 240 கிரெடிட் ஆகவேண்டியது 672 ஆகிவிடும். பில்லைக் குறைக்க வேண்டுமென்று யாராவது கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மொத்தத்தையும் ஒவ்வொரு முறையும் கூட்டாமல், புதிதாக வந்த ஆர்டர்களை மட்டும் எடுத்துச் சேர்ப்பது இன்னொரு வழி. 5 நிமிடத்தில் வந்த ஆர்டர்கள் எவ்வளவு இருந்துவிடப் போகின்றன? எக்ஸ்-ஸ்மால் அளவிலேயே 20 வினாடியில் முடிகிறது என்று கொள்வோம். ஒரு நிமிடக் காத்திருப்பையும் சேர்த்து ஓட்டத்துக்கு 80 வினாடி. நாளுக்கு 288 ஓட்டங்கள். மாதம் 192 கிரெடிட், 384 டாலர். முழுதாக ஓட்டும் 5,760 டாலரோடு ஒப்பிட்டால் இது பெரிய சேமிப்பு. இதில் உழைத்தது நாளுக்கு ஒரு மணி 36 நிமிடந்தான், மீதி காத்திருந்த நேரம் என்பதும் கவனிக்கத்தக்கது.

இந்த வழிக்கு வேறொரு விலை இருக்கிறது. திங்கட்கிழமை போட்ட ஆர்டரை வாடிக்கையாளர் புதன்கிழமை ரத்து செய்கிறார். புதிய ஆர்டர்களை மட்டும் தேடும் நிரலுக்கு இது கண்ணில் படாது. திங்கட்கிழமை விற்பனையில் அந்தத் தொகை அப்படியே நிற்கும். கிளை ஒன்றில் இணையம் துண்டிக்கப்பட்டு, பில்கள் நான்கு மணி நேரம் கழித்து மொத்தமாக வந்து சேர்ந்தாலும் இதே சிக்கல்தான். ஆர்டர் நேரத்தை வைத்துத் தேடும் நிரல் அந்த நேரத்தை எப்போதோ தாண்டிப் போயிருக்கும். ஒரு நாள் இரண்டு நாளில் இது தெரியாது. மாதக் கடைசியில் டேஷ்போர்டின் கூட்டுத்தொகையும் கணக்குப் பிரிவின் தொகையும் ஒத்துப்போகாதபோதுதான் வெளிவரும். ஆகவே இரவில் ஒரு முறை எல்லாவற்றையும் முழுதாகக் கூட்டி, பகலில் சிறுகச் சிறுகச் சேர்த்ததோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் முழுக் கூட்டலை மேலே எழுதிவிட வேண்டும். அதற்கு மாதம் 10 கிரெடிட்தான் கூடுதல். இந்த நிரலை எழுதி, சோதித்து, கவனித்துக்கொள்ளும் பொறியாளரின் நேரம் அதைவிடப் பல மடங்கு. அது கிரெடிட் பில்லில் வராது.

எண்கள் கையில் இருக்கும்போது பார்ப்பவரிடம் பேசுவது எளிது. அப்போதும் ‘எவ்வளவு புதிதாக வேண்டும்?’ என்று கேட்கக் கூடாது, பதில் தெரிந்ததே. ‘இந்த எண்ணைப் பார்த்ததும் என்ன செய்வீர்கள், சார்? அதை ஒரு நாளில் எத்தனை முறை செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும்.

மளிகை நிறுவனத்தில் மூன்று பேர் ‘லைவ்’ கேட்டிருக்கிறார்கள். டெலிவரியைப் பிரித்துக்கொடுப்பவர், எந்தப் பகுதியில் ஆர்டர்கள் குவிகின்றன என்று பார்த்து ஆட்களை அங்கே அனுப்புகிறார். இதை அவர் நாள் முழுக்கச் செய்கிறார். அரை மணி நேரம் தாமதமானால் வாடிக்கையாளரின் பால் பாக்கெட் தாமதமாகும். அவருக்கு 5 நிமிடம் உண்மையிலேயே வேண்டும். கொள்முதல் மேலாளரோ மாலை 4 மணிக்கு ஒரு முறைதான் சப்ளையர்களுக்கு ஆர்டர் அனுப்புகிறார். அவருக்கு 3:30க்கு, மதியம் 3 மணி வரையிலான இருப்பு தெரிந்தால் போதும். காலை 11 மணிக்கு அந்த எண் என்னவாக இருந்தாலும் அவர் எதுவும் செய்யப்போவதில்லை. நிதித் தலைவர் காலை 8 மணிக்கு முந்தைய நாள் விற்பனையைப் பார்க்கிறார். ரத்துகளும் திரும்பி வந்தவையும் கழிந்த எண்தான் அவருக்கு வேண்டும். பகலில் ஏறி இறங்கும் எண் அவரைக் குழப்பத்தான் செய்யும்; காலைக் கூட்டத்தில் ஒருவர் ஒரு தொகையையும் இன்னொருவர் வேறு தொகையையும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆக மூன்று ‘லைவ்’களில் நின்றது ஒன்றுதான். கொள்முதல் மேலாளரின் தேவை நேர இடைவெளியே இல்லை, ஒரு கெடு. ‘ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும்’ என்று எழுதினால் நாளுக்கு 96 ஓட்டம். ‘3:30க்குள்’ என்று எழுதினால் ஒரே ஓட்டம். தேவையைக் கெடுவாகக் கேட்டுவாங்குவதுதான் இந்தப் பேச்சில் மிகப் பெரிய சேமிப்பு. அது பலருக்கும் தோன்றாமலே போகிறது.

டேஷ்போர்டு மென்பொருளுக்கும் தனி வரம்பு உண்டு. மைக்ரோசாஃப்டின் பவர் பிஐயில், தரவை நகலெடுத்து வைத்துக்கொள்ளும் முறையில், புரோ உரிமத்துக்கு நாளுக்கு 8 முறையும் பிரீமியத்துக்கு 48 முறையும்தான் ரெஃப்ரெஷ் செய்யும்படி நேரம் குறித்துவைக்க முடியும். 48 என்றால் அரை மணிக்கு ஒன்று. வேர்ஹவுஸில் அட்டவணையை 5 நிமிடத்துக்கு ஒரு முறை புதிதாக்கிக்கொண்டு, மேலே இந்த நகல் முறையை வைத்திருந்தால், ஆறு ஓட்டங்களில் ஐந்து யார் கண்ணிலும் படாமல் பில்லில் மட்டும் ஏறும்.

புதிய எண் என்பது முழுமையான எண் என்றும் ஆகிவிடாது. கோவிட் காலத்தில் பிரிட்டன் அரசின் டேஷ்போர்டு நாள்தோறும் மாலை 4 மணியளவில் புதுப்பிக்கப்பட்டது. பரிசோதனை மாதிரி எடுத்த தேதி வாரியாகத் தொற்றைக் காட்டும் வரைபடத்தில், கடைசி ஐந்து நாட்களைத் தனியாகக் குறித்து, அவை முழுமையற்றவை என்று எழுதிவைத்திருந்தார்கள். மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் சோதித்து, முடிவு வந்து சேர நாட்கள் ஆகும். ஆகவே கடைசி நாட்களின் கோடு எப்போதும் கீழே சரிவது போலவே தெரியும். தொற்று குறைகிறது என்று நினைப்பது தவறாகிவிடும். மணிக்கு ஒரு முறை புதுப்பித்திருந்தாலும் அந்தக் குறை தீர்ந்திருக்காது, ஏனென்றால் தாமதம் கணினியில் இல்லை, ஆய்வகத்தில் இருந்தது. 2022 ஜூலையில் அந்த டேஷ்போர்டு வாரத்துக்கு ஒரு முறை என்று மாறியது. நம் மளிகை நிறுவனத்திலும், திரும்பி வரும் பொருட்களின் கணக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும் என்றால், நிகர லாபத்தை 5 நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கிடுவது வீண்.

பேசி முடித்தபின் எழுதி வைப்பது நான்கைந்து வரிகளுக்கு மேல் இருக்கத் தேவையில்லை. நிதித் தலைவருக்கானது இப்படி இருக்கலாம்: வேலை நாட்களில் காலை 8 மணிக்குள், முந்தைய நாள் நள்ளிரவு வரையிலான விற்பனை திரையில் இருக்கும், நூற்றுக்கு 95 நாட்கள் இது நிறைவேறும், தவறினால் 7:45க்குள் அவருக்குத் தகவல் போகும், மாதச் செலவு இவ்வளவு. அந்த 95 சதவீதத்தைக் கண்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு நாள் தவறலாம் என்பதுதான் அதன் பொருள். டெலிவரிக்காரருக்கு 99.9 சதவீத நேரம் என்று ஒப்புக்கொண்டால் மாதம் முழுவதற்கும் 43 நிமிடம்தான் தவறலாம். இரவு 2 மணிக்கு ஒரு நிரல் விழுந்தால், காலை 8 மணிக் கெடு உள்ள டேஷ்போர்டுக்குத் தானாக இரண்டு மூன்று முறை மறுபடி ஓட்டிப் பார்க்க அவகாசம் இருக்கிறது. 7 மணிக்கு எழுந்து வருபவர்கூடச் சரிசெய்துவிடலாம். 5 நிமிட டேஷ்போர்டுக்கு அந்த நேரத்தில் யாராவது எழுந்திருக்க வேண்டும். முறை வைத்து இரவில் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கும் அந்தப் பொறியாளர்களின் தூக்கமும் இந்த ஒப்பந்தத்தின் விலையில் சேர வேண்டியதுதான்.

ஒப்புக்கொண்டது நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பல இடங்களில் திரையின் மூலையில் ‘கடைசியாகப் புதுப்பித்த நேரம்’ என்று ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் நிரல் ஓடிமுடித்த நேரம். கடையின் பக்கமிருந்து ஒரு வரிகூட வராவிட்டாலும் நிரல் பிழையின்றி ஓடி, ‘10:21’ என்று பெருமையாகக் காட்டும். காட்ட வேண்டியது, அட்டவணையில் உள்ள கடைசி ஆர்டரின் நேரம். அதிலும் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே நேரத்தைப் பார்த்தால், நாற்பது கிளைகளில் ஒரு கிளை காலையிலிருந்து ஊமையாக இருப்பது தெரியாது. மற்ற 39 கிளைகளின் புதிய ஆர்டர்கள் அதை மறைத்துவிடும். கிளை வாரியாகக் கேட்க வேண்டும்:

```sql
SELECT branch, MAX(order_time)
FROM orders
GROUP BY branch;
```

இந்தப் பட்டியலில் மற்றவை 10:00ஐ ஒட்டியிருக்க, ஒன்று மட்டும் 6:40ல் நின்றால் அங்கே இணையமோ இயந்திரமோ போயிருக்கிறது. நள்ளிரவில் எல்லாக் கிளைகளும் பழைய நேரத்தைக் காட்டும். அது கோளாறு அல்ல, கடை மூடியிருக்கிறது. ஆகவே எச்சரிக்கை மணியைக் கடை திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் வைக்க வேண்டும். இல்லையென்றால் பொய் அழைப்பு வந்து வந்து, உண்மையான அழைப்பையும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள்.

கடை மூடியிருக்கும் நேரம் செலவுக் கணக்கிலும் உதவும். காலை 6 முதல் இரவு 11 வரை மட்டும் 5 நிமிட ஓட்டம் என்று வைத்தால், டெலிவரி டேஷ்போர்டின் 192 கிரெடிட் 136 ஆகக் குறையும். அலுவலகச் சுவரில் மாட்டிய டிவியில் இரவெல்லாம் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் டேஷ்போர்டுகளும் இதே வகைதான். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் போனபிறகும் அவை வேர்ஹவுஸை எழுப்பிக்கொண்டே இருக்கும்.

பண்டிகைக் காலம் தனி. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எண்ணெயும் மாவும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால், கொள்முதல் மேலாளர் நாளுக்கு நான்கு முறை சப்ளையரை அழைப்பார். அந்த வாரத்துக்கு அவரது கெடுவும் நான்காக வேண்டும். இருப்பு அட்டவணையை முழுதாக்க விற்பனை அட்டவணைக்கு ஆகும் அதே 5 நிமிடக் கட்டணம் என்றால், ஏழு நாளுக்குக் கூடுதலாக 21 ஓட்டங்கள். 7 கிரெடிட், 14 டாலர். ஒப்பந்தத்தில் தொடங்கும் தேதியோடு முடியும் தேதியையும் எழுதி, நிரலிலும் அதே தேதியைப் போட்டுவிட்டால், பண்டிகை முடிந்த மறுநாள் பழைய 3:30 மணிக் கெடுவுக்கு அது தானாகத் திரும்பிவிடும்.